தலைக்கு எவ்வளவு? ஒரே சாவுக் கணக்குக்கு இரண்டு வரிசை

கேள்வி: கொரோனா இறப்பில் ஒரு பட்டியலைப் பார்த்தால் அமெரிக்கா முதலிடம், பிரேசில் இரண்டு, இந்தியா மூன்று. இன்னொரு பட்டியலில் "பெர் கேப்பிட்டா" என்று போட்டு பெரு முதலிடம், இந்தியா எங்கேயோ அடியில். அது என்ன பெர் கேப்பிட்டா? ஒரே விஷயத்துக்கு இரண்டு வரிசை எப்படி வரும், எதை நம்புவது?

பதில்:

இரண்டு பட்டியலிலும் கூட்டல் வகுத்தலில் பிழை இல்லை. முதல் பட்டியல் "எந்த நாட்டில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்" என்று சொல்கிறது. இரண்டாவது, "ஒரு நாட்டில் இருந்தவருக்கு இந்த நோயில் சாகும் ஆபத்து எவ்வளவு இருந்தது" என்பதற்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. நீங்கள் மனதில் வைத்திருந்த கேள்வி அநேகமாக இரண்டாவதுதான். ஆனால் இரண்டாவது பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. குறிப்பாக அதில் இந்தியாவின் வரியை. அது ஏன் என்பதற்குப் போகும் முன் சொல்லையும் கணக்கையும் பார்த்துவிடலாம்.

பெர் கேப்பிட்டா லத்தீன் சொல். "தலைகளின்படி" என்று பொருள். நம்மிடம் இதற்கு அப்படியே சொல் இருக்கிறது: தலைக்கு எவ்வளவு, தலா எவ்வளவு. நாலு பேர் செலவைப் பங்குபோடும்போது கேட்கிறோமே, அதேதான். மொத்தத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. பாடப்புத்தகங்கள் இதைத் "தனிநபர்" என்று மொழிபெயர்த்ததில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. "தனிநபர் வருமானம்" என்றால் யாரோ ஒரு தனி ஆளின் வருமானம் போலக் காதில் விழுகிறது. அப்படி ஓர் ஆள் கிடையாது. நாட்டின் மொத்த வருமானத்தை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஆளுக்கு என்ன வந்திருக்கும் என்ற கற்பனைதான் அது. "தலா" என்ற சொல்லில் அந்தப் பிரிப்பு தெரிகிறது, "தனிநபர்" என்பதில் மறைந்துவிடுகிறது.

இனி உங்கள் பட்டியல். அதிகாரபூர்வ எண்களை முழுமையாக்கி எடுத்துக்கொள்கிறேன். 2023 நடுவில் அமெரிக்காவில் கொரோனா இறப்பு 11 லட்சத்துக்கு மேல், மக்கள்தொகை 33.5 கோடி. இந்தியாவில் இறப்பு 5.3 லட்சம், மக்கள் 142 கோடி. பெருவில் இறப்பு 2.2 லட்சம், மக்கள் 3.4 கோடி. ஓர் ஆளுக்கு இத்தனை சாவு என்று வகுத்தால் 0.003 என்பதுபோல் வாயில் நுழையாத எண் வரும். அதனால் பத்து லட்சம் பேருக்கு இவ்வளவு என்று பெருக்கிச் சொல்வது வழக்கம். விரிதாளில் B நிரலில் இறப்பும் C நிரலில் மக்கள்தொகையும் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=B2/C2*1000000
```

அமெரிக்காவுக்குச் சுமார் 3,300 வருகிறது. இந்தியாவுக்கு 375. பெருவுக்கு 6,500. மொத்தத்தில் பெருவின் எண் இந்தியாவின் எண்ணில் பாதிகூட இல்லை. தலைக்குப் பார்த்தால் பதினேழு மடங்கு.

இந்த ஒற்றை வரிச் சூத்திரத்திலும் வழுக்கி விழலாம். நான் விழுந்திருக்கிறேன். ஐக்கிய நாடுகள் அவையின் மக்கள்தொகை அட்டவணைகளில் எண்கள் ஆயிரத்தில் இருக்கும். 34,000 என்று போட்டிருந்தால் அது மூன்று கோடியே நாற்பது லட்சம். தலைப்பைப் படிக்காமல் நிரலை அப்படியே ஒட்டினேன். பத்து லட்சம் பேரில் 64.7 லட்சம் பேர் செத்துப்போனதாக விடை வந்தது. இருப்பவர்களைவிட இறந்தவர்கள் அதிகமாக இருந்ததால் உடனே மாட்டிக்கொண்டேன். இன்னொரு வகைப் பிழை இவ்வளவு சத்தம் போடாது. ஒரு நாட்டின் எண்ணை லட்சத்துக்கு இத்தனை என்றும், பக்கத்து வரியில் இன்னொன்றைப் பத்து லட்சத்துக்கு இத்தனை என்றும் வைத்துவிட்டால் பத்து மடங்கு வித்தியாசம் வரும், ஆனால் இரண்டுமே நம்பும்படி இருக்கும். அதனால் தலா எண் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது "எத்தனை பேருக்கு" என்ற பொடி எழுத்தைத்தான்.

சரி, மொத்தத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் என்னதான் தவறு? நாடு என்பது ஒரே அளவுள்ள பெட்டி அல்ல. துவாலுவில் சுமார் 11,000 பேர், இந்தியாவில் 142 கோடி பேர். இரண்டும் பட்டியலில் ஆளுக்கொரு வரி. மனிதர்கள் செய்கிற எதையும், மனிதர்களுக்கு நேர்கிற எதையும் மொத்தமாக எண்ணினால், அந்த எண்ணில் பெரும்பங்கு ஆட்களின் எண்ணிக்கையே. திருமணம், பல்வலி, பட்டதாரி, விபத்து எதை எண்ணினாலும் இந்தியாவும் சீனாவும் மேலே நிற்கும். வரிசை மக்கள்தொகை வரிசையின் நிழலாகவே இருக்கும். எண்ணியது நோயாக இருந்தாலும், அந்தப் பட்டியல் நோயைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான்.

இதை வேறொரு விதமாகவும் சோதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளை ஒரே நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 கோடி மக்கள். அவர்கள் பதிவுசெய்த கொரோனா இறப்பைக் கூட்டினால் அது அமெரிக்காவுக்கு இணையாகப் போய் நிற்கும். ஆனால் 27 வரிகளாகப் பிரிந்துகிடப்பதால் அவற்றில் ஒன்றுகூட முதல் மூன்று இடத்தில் இல்லை. யாரும் கூடுதலாகச் சாகவில்லை, யாரும் பிழைக்கவும் இல்லை. வரைபடத்தில் கோட்டை அழித்ததும் வரிசை மாறிவிட்டது. எல்லைக்கோட்டை எங்கே போட்டோம் என்பதற்கு இப்படி ஆடுகிற எண்ணை வைத்து, யார் நோயைச் சரியாகக் கையாண்டார்கள் என்று பேச முடியாது. தலா எண் இப்படித் தாவாது. 27 நாடுகளையும் சேர்த்தால், அவற்றின் தலா எண்களுக்கு நடுவே எங்கோ போய் உட்காரும், அவ்வளவுதான்.

இதே மயக்கம் பொருளாதாரச் செய்திகளிலும் உண்டு. 2022இல் இந்தியாவின் மொத்த உற்பத்தி, அதாவது ஜிடிபி, பிரிட்டனைத் தாண்டியது. இரண்டுமே மூன்று லட்சம் கோடி டாலரை ஒட்டிய எண்கள். அந்தத் தொகையைப் பிரித்துக்கொள்ள பிரிட்டனில் 6.8 கோடிப் பேர், இந்தியாவில் 142 கோடிப் பேர். தலைக்குப் பார்த்தால் அங்கே சுமார் 46,000 டாலர், இங்கே சுமார் 2,400. தாண்டியது உண்மை. உலக வர்த்தகத்தில், கடன் வாங்கும் பலத்தில் அதற்கு மதிப்பும் உண்டு. வாழ்க்கைத் தரம் தாண்டியதா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாத சங்கதி.

இப்போது இரண்டாவது பட்டியலின் பக்கம் வருவோம். வகுத்தல் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மக்கள்தொகையால் வகுத்துவிட்டதாலேயே நியாயமான ஒப்பீடு கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே இருக்கிற எண்ணை எல்லா நாடும் ஒரே விதமாக எண்ணியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. இதற்குப் பெருவைவிட நல்ல சாட்சி கிடையாது.

2021 மே 31 அன்று பெரு அரசு தன் கொரோனா இறப்புக் கணக்கைத் திருத்தி வெளியிட்டது. அதுவரை 69,342 என்று இருந்த எண் அன்று 180,764 ஆனது. ஒரே நாளில் 1.1 லட்சம் பேர் சாகவில்லை. அதுவரை பெரும்பாலும் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களின் சாவை மட்டும் சேர்த்திருந்தார்கள். பரிசோதனை வசதியே போதாமல் இருந்த நாட்டில், பரிசோதனை செய்யாமல் இறந்தவர் கணக்கில் வராமலே போனார். பிறகு அரசு அமைத்த நிபுணர் குழு, மருத்துவ அறிகுறி, ஊடுகதிர்ப் படம், தொற்றாளரோடு தொடர்பு, இறப்புச் சான்றிதழில் எழுதிய காரணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு எண்ணியது. அன்றைய 3.3 கோடி மக்கள்தொகையில் பத்து லட்சத்துக்கு 2,100 என்று இருந்தது 5,500ஐத் தொட்டது. அதுவரை தலா வரிசையின் உச்சியில் ஹங்கேரி இருந்தது. மறுநாள் பெரு.

அதாவது மே 30 அன்று நீங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால், சரியாக வகுத்த, தவறான ஒரு விடையைப் பார்த்திருப்பீர்கள். பெருவின் மக்கள்தொகை மாறவில்லை, நோய் மாறவில்லை. "கொரோனா சாவு என்றால் எது" என்ற வரையறை மட்டும் மாறியது.

இந்தியாவின் 375க்கும் இதே சிக்கல்தான். பல பகுதிகளில் சாவுகளே முழுமையாகப் பதிவாவதில்லை. பதிவானாலும் மருத்துவர் காரணத்தைச் சான்றளிப்பது அதில் ஒரு பகுதிக்குத்தான். இதைச் சுற்றிவளைத்துப் பிடிக்க மக்கள்தொகையியலார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காரணத்தைப் பார்க்காமல், வழக்கமாக ஓர் ஆண்டில் இத்தனை பேர் இறப்பார்கள் என்று முந்தைய ஆண்டுகளை வைத்து மதிப்பிட்டு, உண்மையில் இறந்தவர்களில் அதற்கு மேல் போன எண்ணை எடுப்பது. இதற்கு மிகை இறப்பு என்று பெயர். உலக சுகாதார அமைப்பு 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில், 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவின் மிகை இறப்பு சுமார் 47 லட்சம். அந்த இரண்டு ஆண்டுகளின் அதிகாரபூர்வ எண்ணைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. இந்திய அரசு அந்தக் கணக்கிடும் முறையை ஏற்கவில்லை, கடுமையாக மறுத்தது. அந்த மதிப்பீட்டை 140 கோடியால் வகுத்தால் பத்து லட்சத்துக்குச் சுமார் 3,350 வருகிறது. அமெரிக்காவின் அதிகாரபூர்வ எண்ணோடு தோளுரசி நிற்கிறது.

47 லட்சத்தை முழுசாக நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அது கணித மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீடு, அதற்கு இருபுறமும் அகலமான பிழை எல்லை உண்டு. ஆனால் 375 என்பது இந்தியாவில் ஆபத்து குறைவாக இருந்ததைக் காட்டுகிறதா, பதிவு குறைவாக இருந்ததைக் காட்டுகிறதா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு நாட்டின் தலா எண் சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், கொரோனா வராத ஆண்டில் அந்த நாடு தன் சாவுகளை எந்த அளவு பதிவுசெய்கிறது, காரணத்தோடு பதிவுசெய்வது எவ்வளவு என்று பாருங்கள். அது மோசமாக இருந்தால், நோய் இறப்பின் தலா எண்ணும் அதே அளவு மோசம்தான். பதிவே இல்லாத நாடு பட்டியலில் எப்போதும் ஆரோக்கியமான நாடாகத்தான் தெரியும்.

கீழே இருக்கிற எண்ணிலும், அதாவது மக்கள்தொகையிலும், தவறு வரும். பொதுவாக அது சின்னத் தவறு. பிரேசிலை எடுங்கள். அதன் புள்ளியியல் நிறுவனம் 2021இல் மக்கள்தொகையை 21.3 கோடி என்று மதிப்பிட்டிருந்தது. 2022இல் கணக்கெடுப்பு நடத்தியபோது 20.3 கோடிதான் தேறியது. ஏழு லட்சம் இறப்பை முதல் எண்ணால் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 3,280, இரண்டாவதால் வகுத்தால் 3,450. இந்தியாவில் 2011க்குப் பிறகு, 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இந்தப் பெருந்தொற்றுக் கால எண்கள் எல்லாமே கணிப்பால் வகுத்தவைதான். ஐந்து விழுக்காட்டுப் பிழை வரிசையில் ஓரிரு இடம் மாற்றும், கதையை மாற்றாது.

கீழே இருக்கிற எண் கதையையே மாற்றுகிற இடம் வேறு. மேலே எண்ணியவர்களும் கீழே எண்ணியவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் இடம். லக்சம்பர்க்கில் வசிப்பவர்கள் ஆறரை லட்சம் அளவில். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் வீடு வைத்துக்கொண்டு அங்கே வேலைக்கு வந்துபோகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்கள் உருவாக்கும் மதிப்பு மேலே ஜிடிபியில் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் தலை கீழே மக்கள்தொகையில் இல்லை. தலா ஜிடிபியில் லக்சம்பர்க் எப்போதும் உச்சியை ஒட்டி நிற்பதற்கு இது ஒரு காரணம். அதனால் எதை வகுத்தாலும் நான் கேட்பது: மேலே உள்ள நிகழ்வு யாருக்கு நேர்ந்திருக்க முடியும்? அவர்கள்தானே கீழே இருக்கவேண்டும். பிரசவத்தில் தாய் இறப்பதை மொத்த மக்கள்தொகையால் யாரும் வகுப்பதில்லை, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இத்தனை என்றுதான் சொல்கிறார்கள். ஆண்களையும் குழந்தைகளையும் கீழே சேர்த்தால் அந்த எண் எதையும் அளக்காது.

சின்ன நாடுகள் தலா பட்டியலில் செய்யும் வேடிக்கையும் இருக்கிறது. 2020 வசந்தத்தில் தலா வரிசையின் உச்சியில் சில மாதம் இருந்தது சான் மரீனோ. இத்தாலிக்கு நடுவே இருக்கும் குட்டி நாடு, சுமார் 34,000 பேர். இறந்தவர்கள் 42. பத்து லட்சத்துக்கு 1,200க்கு மேல். அங்கே ஒரே ஒருவர் கூடுதலாக இறந்தால் தலா எண் 29 ஏறும். அமெரிக்காவில் அதே 29 ஏறவேண்டுமானால் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறக்கவேண்டும். ஒரு முதியோர் இல்லத்தில் தொற்று நுழைந்ததா இல்லையா என்பதே குட்டி நாட்டை உச்சிக்கோ அடிக்கோ தள்ளிவிடும். அதனால்தான் எதைத் தலைக்குப் பார்த்தாலும் பட்டியலின் இரண்டு முனைகளிலும் சின்ன நாடுகளே கூடியிருக்கும், நடுவில் பெரியவை இருக்கும். மொத்தப் பட்டியல் பெரிய நாடுகளைக் குற்றவாளி ஆக்குகிறது என்றால், தலா பட்டியல் சின்ன நாடுகளைச் சும்மா அலைக்கழிக்கிறது. மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் கீழே உள்ள நாடுகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு வரிசையைப் பார்ப்பது என் பழக்கம். பத்து லட்சம் என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை, எங்கேயோ ஒரு கோடு போடவேண்டும்.

இனி, இறப்பு என்று வந்துவிட்டால் மறக்கவே கூடாத ஒன்று: வயது. கொரோனாவை விட்டுவிட்டு எல்லாக் காரணத்தாலும் வரும் சாவை எடுங்கள். 2022இல் ஜப்பானில் 15.7 லட்சம் பேர் இறந்தார்கள், மக்கள்தொகை 12.5 கோடி. ஆயிரம் பேருக்கு 12.6. தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மட்டும் பிறப்பு இறப்பை எண்ணிக் கணிக்கும் இந்தியாவின் மாதிரிப் பதிவு முறைப்படி 2020இல் ஆயிரத்துக்கு 6. தலா எண்ணை அப்படியே படித்தால் ஜப்பான் இந்தியாவைவிட இரண்டு மடங்கு ஆபத்தான நாடு. ஆனால் ஜப்பானில் சராசரி ஆயுள் 84ஐ ஒட்டி, இந்தியாவில் 70ஐ ஒட்டி. இந்த முரண் எப்படி?

இரண்டு கற்பனை நாடுகளை வைத்துப் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் பேர். இளநாட்டில் 60 வயதுக்குக் கீழே 9 லட்சம், மேலே 1 லட்சம். அங்கே ஆண்டுக்கு ஆயிரம் இளையவர்களில் 2 பேரும், ஆயிரம் முதியவர்களில் 40 பேரும் இறக்கிறார்கள். 1,800 சாவும் 4,000 சாவும் சேர்ந்து 5,800. ஆயிரத்துக்கு 5.8.

முதுநாட்டில் 60க்குக் கீழே 7 லட்சம், மேலே 3 லட்சம். மருத்துவம் நன்றாக இருக்கிறது. ஆயிரம் இளையவர்களில் 1, ஆயிரம் முதியவர்களில் 30 பேர்தான் இறக்கிறார்கள். 700 சாவும் 9,000 சாவும் சேர்ந்து 9,700. ஆயிரத்துக்கு 9.7.

எந்த வயதில் இருந்தாலும் முதுநாட்டில் வாழ்வதுதான் பாதுகாப்பு. இளையவருக்கும் அப்படி, முதியவருக்கும் அப்படி. ஆனால் தலா எண் அதை மோசமான நாடு என்கிறது. காரணம் அங்கே முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். அவர்கள் அதிகமாக இருப்பதற்கே அங்கே யாரும் சீக்கிரம் சாகாததும் ஒரு காரணம் என்பதை யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இதற்கு மருந்து வயதுத் தரப்படுத்தல். இரண்டு நாட்டிலும் வயது அமைப்பு ஒரே மாதிரி, நூற்றுக்கு 80 இளையவர், 20 முதியவர் என்று இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று அவரவர் விகிதத்தை வைத்துக் கணக்கிடுவது. இளநாட்டுக்கு 2இன் 80 விழுக்காடும் 40இன் 20 விழுக்காடும் சேர்ந்து 9.6. முதுநாட்டுக்கு 1இன் 80 விழுக்காடும் 30இன் 20 விழுக்காடும் சேர்ந்து 6.8. வரிசை தலைகீழாகிவிட்டது. நோய், இறப்பு பற்றிய அட்டவணையில் "வயதுத் தரப்படுத்தியது" என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, தலா எண்ணா மொத்தமா என்று பார்ப்பதற்குச் சமமான வேலை. கொரோனாவில் அது இரட்டிப்பாகப் பொருந்தும். முதியவர்களைக் குறிவைத்த நோய் அது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பெருவை மறுபடி பாருங்கள். இத்தாலியில் இறப்பு சுமார் 1.9 லட்சம், மக்கள் 5.9 கோடி, பத்து லட்சத்துக்குச் சுமார் 3,200. பெருவில் 6,500. இத்தாலியர்களில் பாதிப்பேர் 47 வயதைத் தாண்டியவர்கள். பெருவில் பாதிப்பேர் முப்பதைக்கூடத் தொடவில்லை அல்லது அப்போதுதான் தொட்டிருக்கிறார்கள். அவ்வளவு இளமையான நாட்டில் இத்தாலியைப்போல் இரண்டு மடங்கு என்றால், வயதைச் சரிசெய்தால் இடைவெளி இன்னும் அகலும், குறையாது. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் மிகக் குறைவாக இருந்ததும், ஆக்சிஜன் உருளைக்கு மக்கள் வரிசையில் நின்றதும் அங்கே நடந்தவை. திருத்திய எண்ணிலும், உலக சுகாதார அமைப்பின் மிகை இறப்பு மதிப்பீட்டிலும் பெரு உச்சியை ஒட்டித்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்த வரி நிற்கிறது.

இந்தியாவின் வரி அப்படி இல்லை. இளமையான நாடு என்பதால் தலா எண் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கும், அது இயல்பு. அதற்கு மேல் உள்ள குறைவில் எவ்வளவு பதிவாகாத சாவு என்பதுதான் இன்னும் தீராத சண்டை.

முதல் பட்டியலைத் தூக்கி எறியவேண்டுமா என்றால், வேண்டாம். வேலை தலைகளைச் சார்ந்து இல்லாமல் மொத்தத்தைச் சார்ந்து இருக்கும் இடங்கள் உண்டு. ஆளுக்கு இரண்டு தவணை தடுப்பூசி என்றால் சான் மரீனோவுக்கு 68,000 போதும், இந்தியாவுக்கு 284 கோடி வேண்டும். ஆலையில் உற்பத்தியைத் திட்டமிடுகிறவருக்குத் தலா எண்ணால் பயன் இல்லை. கரியமில வாயுவும் அப்படித்தான். வளிமண்டலம் தலையை எண்ணுவதில்லை, சேர்ந்த டன்களைத்தான் அறியும். ஆனால் யார் எவ்வளவு குறைக்கவேண்டும் என்று பேச உட்கார்ந்ததும் தலா எண் மேசைக்கு வந்துவிடும். சீனாவின் ஆண்டு மொத்தம் அமெரிக்காவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், தலைக்குப் பார்த்தால் அமெரிக்கர் ஒருவரின் பங்கு சீனர் ஒருவருடையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேச்சுவார்த்தையில் ஆளுக்கு ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இரண்டு எண்ணும் சரி.

ஆக உங்கள் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துக்கொண்டால் நான் செய்வது இது: யாருக்கு ஆபத்து அதிகம் இருந்தது என்பதற்கு இரண்டாவதை எடுப்பேன், குட்டி நாடுகளை ஒதுக்குவேன், பெருவின் 6,500ஐ அப்படியே விட்டுவைப்பேன், இந்தியாவின் 375க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேன்.